வீட்டுப்பாடம் எழுதாதவனை அடிக்கலாமா? ஏழாம் வகுப்பு உரிமைப் பாடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 36 பேர். பாதிப் பேரின் வீடுகளில் காசிமேடு துறைமுகத்தைச் சார்ந்த வேலை, மீதிப் பேரின் வீடுகளில் ஆட்டோ, லோடு வேலை, வீட்டு வேலை. போன நவம்பரில் குழந்தைகள் தினத்தை ஒட்டி, குழந்தைகளின் உரிமைகளும் பொறுப்புகளும் என்ற பாடத்தை இரண்டு பாடவேளைகளில் அட்டைகளை வைத்து நடத்தினேன். முதல் பாடவேளை இரண்டு இடங்களில் பிசகியது. ஒன்று என் கரும்பலகையால் வந்தது, இன்னொன்று நான் எழுதிய ஒரு அட்டையால் வந்தது. இரண்டையும் நடந்தபடியே எழுதி வைக்கிறேன். இதே பாடத்தை இதே முறையில் எடுக்கும் ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது நடக்கலாம். மாணவர்கள் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அட்டைகள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில், ஸ்கெட்ச் பேனாவால் 12 சூழ்நிலைகளை எழுதினேன். ஆறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்ன சம்பவம் மட்டும் இருக்கும், அது சரியா தவறா என்று அட்டை சொல்லாது. உதாரணமாக, "காது சரியாகக் கேட்காத மாணவியைப் பின் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்", "தண்ணீர் லாரி வந்ததும் அக்கா குடம் தூக்குகிறாள், தம்பி கேரம் ஆடப் போகிறான்", "வீட்டுப்பாடம் எழுதாத மாணவனை ஆசிரியர் ஸ்கேலால் அடித்தார்".

வராண்டாவில் குழுவுக்கு மூன்று கட்டங்கள் வீதம் சாக்பீஸால் போட்டேன். உரிமை கிடைக்கிறது, உரிமை மறுக்கப்படுகிறது, தெரியவில்லை. அட்டையை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், குழு பேசி ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும், ஏன் அங்கே வைத்தோம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

அதற்கு முன் பத்து நிமிடம் கரும்பலகையில் ஒரு அட்டவணை எழுதினேன். இடது பக்கம் உரிமை, வலது பக்கம் அதற்குரிய பொறுப்பு. கல்வி பெறும் உரிமைக்கு எதிரே "வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்ய வேண்டும்". விளையாடும் உரிமைக்கு எதிரே "நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும்". கருத்துச் சொல்லும் உரிமைக்கு எதிரே "மரியாதையாகப் பேச வேண்டும்". பல வருடங்களாக நான் இப்படித்தான் எழுதி வருகிறேன், பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

முதல் பாடவேளையில் பார்த்தது

முதல் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனது. காது கேட்காத மாணவியின் அட்டையை ஆறு குழுவும் தயங்காமல் "மறுக்கப்படுகிறது" கட்டத்தில் வைத்தார்கள். அப்புறம் ஸ்கேல் அட்டை வந்தது. ஐந்து குழுக்கள் அதை "உரிமை கிடைக்கிறது" கட்டத்தில் வைத்தன. ஒரு குழு மட்டும் "தெரியவில்லை".

காரணம் கேட்டேன். ஒரு மாணவி எழுந்து கரும்பலகையைக் கையால் காட்டிச் சொன்னாள்: "அவன் பொறுப்பைச் செய்யல மிஸ். அப்ப உரிமை எப்படி இருக்கும்?"

அடியை நியாயப்படுத்தும் குழந்தைகளை நான் பார்த்ததில்லை என்று இல்லை. "எங்க அப்பா அடிக்கிறது என் நல்லதுக்குத்தான்" என்று சொல்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அன்று கேட்டது அது இல்லை. பழக்கத்தினால் வந்த பதிலாகவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததிலிருந்து சரியான தர்க்கத்தோடு அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒரு கோடு போட்டு இணைத்தது நான்தான். வலது பக்கம் இல்லையென்றால் இடது பக்கமும் இல்லை என்று அவள் படித்ததில் எந்தத் தவறும் கிடையாது.

சட்டம் சொல்வதைச் சொல்லி அங்கேயே திருத்தியிருக்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டுப்பாடம் எழுதியவன், எழுதாதவன் என்ற பிரிவெல்லாம் அதில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அட்டையை மட்டும் நகர்த்தி வைத்திருப்பார்கள், நினைப்பு அங்கேயே இருந்திருக்கும். அதனால் "இதை அடுத்த வகுப்பில் மறுபடி எடுக்கலாம்" என்று சொல்லி, அட்டையை இருந்த இடத்திலேயே விட்டேன். அந்த முடிவு சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மீன் கூடை அட்டை

இரண்டாவது பிசகு இதைவிட மோசமானது. ஒன்பதாவது அட்டையில் இப்படி எழுதியிருந்தேன்: "விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் கூடை இறக்கிவிட்டு வரும் மாணவன் வகுப்பில் தூங்குகிறான். ஆசிரியர் அவனை எழுப்பி நிற்க வைக்கிறார்." எங்கள் பகுதி வாழ்க்கையாக இருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று நினைத்து எழுதியது.

படித்து முடித்ததும் மூன்று குழுக்களில் தலைகள் ஒரே பக்கம் திரும்பின. கடைசிக் குழுவில் ஒரு பையன் அட்டையைக் கையில் வைத்திருந்தான். அவன் அதை எந்தக் கட்டத்திலும் வைக்கவில்லை, ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தான், பத்திரிகையின் தங்க நிற ஓரம் துகள் துகளாகத் தரையில் உதிர்ந்தது. அப்புறம் யாரும் கேட்காமலேயே, "நான் இப்ப தூங்குறதில்ல மிஸ்" என்றான்.

அவன் காலையில் வேலைக்குப் போவது எனக்குத் தெரியாது. காலையில் பள்ளி தொடங்கும் முதல் வகுப்பில் தலை சாய்ப்பான், அது மட்டும் தெரியும். வகுப்புக்கு முழுவதும் தெரிந்திருந்தது.

எல்லாக் குழுக்களிடமும் மீதி அட்டைகளைக் கட்டி அடுத்த குழுவிடம் மாற்றச் சொன்னேன். அப்படி மாற்றும்போது ஒன்பதாவது அட்டையை ஆறு கட்டிலிருந்தும் எடுத்துவிட்டேன். அவனிடம் மட்டும் போய் வாங்கியிருந்தால் இன்னும் ஒரு முறை எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவனிடம் அப்போது எதுவும் கேட்கவில்லை. மணி அடித்ததும் வரைபடச் சட்டங்களைத் தூக்கிவர இரண்டு பேரைக் கூப்பிட்டேன், அதில் ஒருவன் அவன். இன்னொருவனை முன்னால் அனுப்பிவிட்டு, "அந்த அட்டையை நான் எழுதியிருக்கக் கூடாதுப்பா, உன்னை நினைத்து எழுதவில்லை" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவனாகவே வந்தான்.

மாமாவோடு அதிகாலை மூன்றரைக்குப் போகிறான். கூடை இறக்க, ஐஸ் அள்ளிப் போட. ஒரு நாளைக்கு நூறு ரூபாய், அதை அம்மாவிடம் கொடுத்துவிடுவான். மழைக்காலம், அப்பா போகும் படகு பாதி நாள் கரையிலேயே நிற்கிறது. அவனுக்குப் பன்னிரண்டு வயது.

இடையில் எடுத்த முடிவுகள்

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. "தலைமை ஆசிரியையிடம் சொல்ல வேண்டியிருக்கும், வகுப்பில் யாருக்கும் தெரியாது" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே சொன்னேன்.

வீட்டுக்கு உதவுவதற்கும் குழந்தைத் தொழிலுக்கும் நடுவே கோடு எங்கே என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது, தாய்மாமனும் அந்தக் குடும்பத்தில் சேருவார். இதைப் படித்துவிட்டு நிறைய பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2017 விதிகள் அந்த உதவிக்கே எல்லை போடுகின்றன: பள்ளி நேரத்தில் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது, படிப்பைப் பாதிக்கக் கூடாது, அதில் காசு வரக் கூடாது. மூன்றரை மணி, நூறு ரூபாய், வகுப்பில் தூக்கம் என்று பார்த்தால் அவன் விஷயத்தில் மூன்று எல்லைகள் தாண்டியிருந்தன.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே சொல்லலாமா என்று பேசினோம். நான் சொல்லலாம் என்றேன். தலைமை ஆசிரியை, முதலில் அம்மாவை வரவழைத்துப் பேசுவோம், இரண்டு வாரம் பார்ப்போம், மாறவில்லையென்றால் அழைப்போம் என்றார், அந்தத் தேதியை நோட்டில் குறித்தும் வைத்தார். பையன் அடி வாங்கியிருந்தாலோ, வெளியாள் ஒருவரிடம் வேலை செய்திருந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க நாங்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

அம்மா வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும், அதே தெருவைச் சேர்ந்த ஒரு அக்காவும் கூட இருந்தார். குற்றம் சாட்டுகிற பேச்சு இல்லை. அம்மாவுக்கு இந்த நேர எல்லை ஒன்றும் தெரியாது, "சொந்த மாமாகூடதானே போறான்" என்றார். நூறு ரூபாய் நின்றால் என்ன கஷ்டம் என்பதையும் கேட்டோம். காலை உணவு பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, இவன் ஏழாம் வகுப்பு, அந்தக் காசில்தான் அவனுக்கும் தங்கைக்கும் காலையில் ஏதாவது வாங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்காமல் "அனுப்பாதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு வாரம்கூட நின்றிருக்காது.

இரண்டாம் பாடவேளை

மழை விடுமுறையால் இரண்டாம் பாடவேளை பத்து நாள் தள்ளிப் போனது. அந்த இடைவெளி எனக்கு உதவியாக இருந்தது. பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரசியலமைப்பைத் திறந்து பார்த்தேன். 2002இல் வந்த 86ஆவது திருத்தம் இரண்டு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்தது. 21ஏ, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. 51ஏ(கே), அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோர் அல்லது காப்பாளரின் கடமை. கல்வி பிள்ளையின் உரிமை, கடமையோ பெரியவருடையது. என் அட்டவணை இரண்டையும் பிள்ளையின் தலையிலேயே ஏற்றியிருந்தது.

அதனால் கட்டங்களை மாற்றினேன். இந்த முறை கேள்வி இரண்டு. இதில் யாருடைய உரிமை இருக்கிறது? அதைக் காப்பாற்ற யார் என்ன செய்ய வேண்டும்? தரையில் மூன்று கட்டங்கள்: நான், வீட்டுப் பெரியவர்கள், பள்ளியும் அரசும். ஒரு அட்டைக்கு ஒரு கட்டம்தான் என்ற விதியை எடுத்துவிட்டு, புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். அட்டைக்கு ஆறு கொட்டை, யாருக்கு எவ்வளவு பொறுப்போ அந்தக் கட்டத்தில் அவ்வளவு கொட்டை. அட்டைகளை 12லிருந்து 7ஆகக் குறைத்தேன், முதல் நாள் பாதிக் குழுக்கள் எட்டைத் தாண்டவே இல்லை.

ஸ்கேல் அட்டையை முதலில் எடுத்தேன். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டி ஒருவர் விழுந்துவிட்டார், தப்பு அவருடையதுதான், 108 வருமா வராதா? எல்லோரும் "வரும்" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அடிபட்டிருக்கே மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான். அப்புறம் இன்னொருவன், "ஆனா ஃபைன் போடுவாங்க" என்று சேர்த்தான். அந்த இரண்டு பதிலையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன், கோடு போடவில்லை.

ஸ்கேல் அட்டையில் இந்த முறை எந்தக் குழுவும் ஆறு கொட்டையையும் மாணவன் பக்கம் வைக்கவில்லை. பெரும்பாலும் இரண்டு கொட்டை மாணவனுக்கு, எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக. நான்கு பள்ளிக்கு, ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்க வேண்டும், அடித்திருக்கக் கூடாது என்பதற்காக. போன முறை பலகையைக் காட்டிய அதே மாணவி, "எழுதலைன்னா உட்கார்ந்து எழுத வைக்கலாம், அது வேற, அடிக்கிறது வேற" என்றாள்.

உடனே அடுத்த கேள்வி வந்தது, வரும் என்று எதிர்பார்த்ததுதான். "அப்ப அடிச்சா யார்கிட்ட மிஸ் சொல்றது?" பதில் தயாராக இல்லாமல் இந்தப் பாடத்துக்குள் நுழையக் கூடாது. தலைமை ஆசிரியை, புகார் எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, 1098 என்று நான்கையும் எழுதிப் போட்டேன், பாடம் முடிந்த பிறகும் அழிக்காமல் விட்டேன்.

குடம் அட்டை

அன்று அதிக நேரம் எடுத்தது இந்த அட்டை. லாரித் தண்ணீர் வரும் தெருக்களில் இருந்து வருகிற பிள்ளைகள்தான் பாதி வகுப்பு, எல்லோரும் பேசினார்கள். வீட்டு வேலை செய்வது பொறுப்பு, இதில் உரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை என்பது பையன்களின் வாதம். சில பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "தூக்குறது கஷ்டமில்ல மிஸ். நான் மட்டும் தூக்குறதுதான்" என்றாள். அவள் குழுவில் இருந்த பையன் ஒருவன் கொஞ்ச நேரம் கழித்து, "நான்" கட்டத்தில் இருந்த கொட்டைகளில் ஒன்றை எடுத்து, அட்டையில் இருந்த "தம்பி" என்ற சொல்லின் மேலேயே வைத்தான்.

இங்கே நான் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டேன். லாரி எத்தனை மணிக்கு வருகிறது? அதனால் முதல் பாடவேளை போகிறதா? வேறு யாராவது செய்ய முடியுமா? சாயங்காலம் இரண்டு குடம் என்றால் வீட்டுப் பங்கு என்றார்கள். காலை ஒன்பது மணிக்கு லாரி வந்து, அவள் மட்டும் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள் என்றால் கல்வி உரிமை என்றார்கள். லாரி நேரத்துக்கு வராததற்கு யார் பொறுப்பு என்று ஒரு குழு கேட்டு, இரண்டு கொட்டையை அரசுக் கட்டத்தில் வைத்தது. முடிவு ஒன்றாக வரவில்லை, நானும் வரவழைக்கவில்லை.

அதன் பிறகு

ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். நூலகப் புத்தகத்தைக் கிழித்த மாணவிக்கு இனிமேல் புத்தகமே தரக் கூடாதா? அன்று வந்திருந்த 33 பேரில் 21 பேர், புத்தகம் தர வேண்டும், கிழித்ததை அவளே ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். 7 பேர் கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்றார்கள். 5 பேர் தரவே கூடாது என்றார்கள். அந்த ஐந்து பேரில் மூவர் இரண்டாம் பாடவேளைக்கு வராதவர்கள். முதல் நாள் அட்டவணை மட்டும் அவர்கள் நோட்டில் அப்படியே இருந்தது. அதை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தச் சொல்லவில்லை.

சக ஆசிரியர் ஒருவர், பலகையில் எண்களை எழுதிப் போட்டது தங்களுக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுவது போல இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அவரை இரண்டாம் பாடவேளைக்கு நான் கூப்பிட்டிருக்க வேண்டும். "உட்கார வைத்து எழுத வைக்கலாம், அது வேற" என்று அந்தப் பெண் சொன்னதை அவர் நேரில் கேட்டிருந்தால் வருத்தம் பாதியாகக் குறைந்திருக்கும்.

மீன் கூடைப் பையன் விஷயம் முழுதாகச் சரியாகவில்லை. மாமாவோடு அதிகாலையில் போவது அந்த வாரமே நின்றது. குறித்து வைத்த தேதியில் தலைமை ஆசிரியை மறுபடி அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார், வகுப்பில் நானும் பார்த்தேன், 1098 தேவைப்படவில்லை. ஜனவரியில் இரண்டு நாள் போயிருக்கிறான், அவனே வந்து சொன்னான். காலை உணவுக்கு மேலாண்மைக் குழு அக்கா ஒரு ஏற்பாடு செய்தார், அது அவர் தனிப்பட்ட முறையில் செய்வது, எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது.

அடுத்த முறை மாற்றுவது

உரிமைக்கு எதிரே பொறுப்பு எழுதும் அட்டவணையை இனி போடப் போவதில்லை. பிள்ளையின் பொறுப்பு என்று எழுத வேண்டுமானால், அடுத்தவரின் அதே உரிமையை மதிப்பது என்று மட்டும் எழுதுவேன். எனக்குப் பேச உரிமை என்றால் நீ பேசும்போது நான் கேட்பது, அந்த அளவில்.

அட்டைகளில் இடத்தைத் தள்ளி வைக்கப் போகிறேன். பிரச்சினை நம் பக்கத்துப் பிரச்சினையாகவே இருக்கலாம், ஆள் நம் தெரு ஆளாக இருக்கக் கூடாது. மீன் கூடை அட்டை இப்போது சிவகாசிப் பக்கம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் ஒரு சிறுமியைப் பற்றியது. அதே தூக்கம், அதே ஆசிரியர், ஆனால் திரும்பிப் பார்க்க வகுப்பில் யாரும் இல்லை. புது அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வருகைப் பதிவேட்டில் உள்ள 36 பெயர்களோடும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டில் சேர்த்தேன். அரை மணி நேரம் ஆனது. இரண்டு அட்டைகளை எடுத்துவிட வேண்டியிருந்தது. குடம் அட்டையை அப்படியே விட்டிருக்கிறேன், அதில் ஒருவரைப் பார்த்துத் திரும்ப முடியாது, எல்லோரும்தான் குடம் தூக்குகிறார்கள். லாரி வரும் நேரத்தை மட்டும் அட்டையில் எழுதாமல் வெற்றிடமாக வைத்திருக்கிறேன், அதைக் குழுவே நிரப்பிக்கொள்ளட்டும்.